அத்தியாயம் 6: ஏழு மணிக்குக் கூவும் சேவல்

2015 முதல் 2021 வரை நான் ஷார்ஜாவில் இருந்தேன். மனைவி பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் இருந்தாள். முதல் வருடம் முழுக்க எங்கள் பேச்சு ஒரே அச்சில் ஓடியது. சாப்பிட்டாச்சா, என்ன சாப்பாடு, பணம் வந்துச்சா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா. நான்கு கேள்வி, நான்கு பதில், பிறகு இரண்டு பக்கமும் மௌனம். சண்டை எதுவும் இல்லை. ஆனால் போனை வைத்ததும் இருவருக்கும் ஏதோ அலுவலக வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

இரண்டாம் வருடம் ஒரு சேவல் வந்து அதை மாற்றியது. அந்தச் சேவலின் கதையை வைத்தே, தூரத்தில் இருப்பவரோடு தினமும் ஒரு சின்னச் சிரிப்பைப் பகிர்வது எப்படி என்பதை இந்த அத்தியாயத்தில் சொல்கிறேன். வளைகுடாவுக்கும் ஊருக்கும் நடுவே வாழும் தம்பதிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கப்பலிலோ எல்லையிலோ வேலை செய்பவர்கள் நேரத்தையும் வசதியையும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

எதைப் பொறுக்குவது

முதலில் ஒன்றை விலக்கிவிடுவோம்: பார்வர்டு. நானும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தேன். அறை நண்பர்கள் குழுவில் வந்த மீம், வடிவேலு படம் போட்ட துணுக்கு, கடி ஜோக் எல்லாவற்றையும் அவளுக்குத் தள்ளிவிட்டேன். நான்கு அனுப்பினால் ஒரு சிரிப்புப் பொம்மை வரும். அவளும் தன் அக்கா அனுப்பியதை எனக்குத் தள்ளுவாள். அந்தத் துணுக்குகளில் பாதி நன்றாகவே இருந்தன. ஆனாலும் அவை எங்களுடையவை இல்லை. அவற்றைப் படித்து அவள் நாள் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை, என் நாள் எப்படிப் போனது என்று அவளுக்கும் தெரியவில்லை.

பொறுக்க வேண்டியது அன்று உங்கள் கண்ணில் பட்ட ஒன்றை. அது பெரிய நகைச்சுவையாக இருக்க வேண்டியதில்லை. வெளியாள் கேட்டால் 'இதுல என்ன இருக்கு' என்று கேட்கும் அளவுக்குச் சின்னதாக இருப்பது நல்லது. எங்கள் கேம்ப் சமையல்காரர் சாம்பாரில் போட்ட ஒற்றை முருங்கைக்காய்த் துண்டு மூன்று நாள் யார் தட்டில் விழும் என்று நாங்கள் பந்தயம் கட்டியது. தையல்காரர் அவளுடைய ஜாக்கெட்டை அளவு மாற்றித் தைத்துவிட்டு, "நீங்கதாம்மா இளைச்சிட்டீங்க" என்றது. இப்படி.

நாள் முடிவில் யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. கண்ணில் பட்டவுடன் போனில் மூன்று சொல் குறித்து வையுங்கள். "முருங்கை, மூணாவது நாள்" என்று இருந்தால் போதும். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று எடுங்கள். ஐந்து அனுப்பினால் எதிராளிக்கு அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

கொக்கி வைத்துச் சொல்வது

நம்மில் பலர் ஜோக்கை முடித்துச் சொல்கிறோம். முடிந்த ஜோக்குக்கு எதிராளி சிரிக்கலாம், சிரிக்காமல் இருக்கலாம், வேறு வேலை இல்லை. தூரத்தில் இருப்பவருக்குச் சொல்லும்போது பாதியில் நிறுத்துங்கள். மீதியை அவர் போடட்டும். இதை நானும் அவளும் 'கொக்கி' என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு காலையில் அவள் அனுப்பிய குரல் பதிவு இது:

"ஏங்க, பக்கத்து வீட்டுல புதுசா ஒரு சேவல் வாங்கியிருக்காங்க. ஊர்ச் சேவலெல்லாம் அஞ்சரைக்குக் கூவி முடிச்சிருச்சு. இது சரியா ஏழு மணிக்குக் கூவுது. மூணு நாளாப் பாக்குறேன். ஏன்னு நீங்களே சொல்லுங்க."

அவ்வளவுதான். அந்தக் கடைசி வாக்கியம்தான் கொக்கி. எனக்குக் கணக்குச் சட்டென்று உதித்தது. அமீரக நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஊரில் ஏழு என்றால் இங்கே ஐந்தரை. நான் பதில் போட்டேன்:

"அது ஷார்ஜா நேரத்துக்குக் கூவுது. ரிட்டர்ன் வந்த சேவல். பத்தாக்கா இருக்கான்னு காலைப் பாரு."

பத்தாக்கா என்பது அங்கே வேலை செய்பவருக்குத் தரும் அடையாள அட்டை. அந்தச் சொல்லை அவள் என் வாயிலிருந்து நூறு முறை கேட்டிருக்கிறாள். அன்று சாயங்காலம் சேவலின் காலில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைப் படம் பிடித்து அனுப்பினாள். "இருக்கு. எக்ஸ்பைரி ஆகிருச்சு."

கவனியுங்கள், இந்த ஜோக்கில் அவள் உலகமும் என் உலகமும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சேவல் அவளுடையது, நேரக் கணக்கும் அட்டையும் என்னுடையவை. தனித்தனியாக இரண்டில் ஒன்றுக்கும் சிரிப்பு வராது. தூரத்துத் தம்பதிக்கு ஏற்ற ஜோக் எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: இரண்டு ஊரும் சேர்ந்தால் மட்டுமே புரிகிற ஜோக்.

எழுத்தா, குரலா

கிண்டலைக் குரலில் அனுப்புங்கள். செய்தியை எழுத்தில் அனுப்புங்கள். இந்த ஒரு விதியை நான் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை (அப்போது எங்களுக்கு வெள்ளிதான் விடுமுறை) அறைக்காரர்களோடு கடற்கரைக்குப் போய் எடுத்த படத்தை அனுப்பினேன். அவளிடமிருந்து வந்த பதில்: "Neenga anga nalla thaan irukeenga." ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். நான் அதைக் குற்றச்சாட்டாகப் படித்தேன். இங்கே நான் மாமியாரையும் பிள்ளையையும் வைத்து அல்லாடுகிறேன், நீங்கள் கடலில் குளிக்கிறீர்கள் என்று. இரண்டு நாள் நான் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டால், நான் வெயிலில் கறுத்துத் துரும்பாய் நிற்கும் படத்தைப் பார்த்து, 'நல்லாத்தாஆஆன் இருக்கீங்க' என்று இழுத்துக் கிண்டலடித்தாளாம்.

தமிழில் கிண்டல் பெரும்பாலும் இழுவையில்தான் இருக்கிறது. 'நல்லாருக்கே' என்பதைக் குறுகச் சொன்னால் பாராட்டு, நீட்டிச் சொன்னால் நக்கல். 'தான்' என்ற சொல்லில் குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு. எழுத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. படிப்பவர் தன் மனநிலையை எடுத்து அதற்குள் ஊற்றிப் படித்துக்கொள்வார். வேலையில் திட்டு வாங்கிவிட்டு வந்து படித்தால் எல்லா வரியும் திட்டாகவே தெரியும்.

ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலான அமெரிக்க உளவியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. கேலியாகச் சில வாக்கியங்கள், நிஜமாகச் சில வாக்கியங்கள் என்று மின்னஞ்சலிலும் குரலிலும் அனுப்பச் சொன்னார்கள். எப்படி அனுப்பினாலும் எதிராளி 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். எழுத்தில் படித்தவர்கள் 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 வந்துவிடும். அனுப்புகிற நமக்கு நம் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பதால், எழுத்திலும் அது போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். என் மனைவிக்கு நடந்தது இதுதான்.

அமீரகத்தில் இருந்தபோது வாட்ஸப் அழைப்பு எங்களுக்குக் கிடைக்காது, அங்கே அதற்குத் தடை. ஆனால் குரல் பதிவு போகும். ஜோக்குக்கு அதுவே போதும். முப்பது நாற்பது விநாடிக்குள் முடியுங்கள். அதற்கு மேல் போனால் 'அப்புறம் கேட்கலாம்' என்று தள்ளிவிடுவார்கள்.

ஒரு சின்ன ஏற்பாடும் தேவை. குரல் பதிவை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் அங்கே மாமியார், இங்கே ஆறு அறைக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். நாங்கள் பதிவின் முதல் சொல்லாக "காதுல" என்று சொல்வோம். அதைக் கேட்டதும் போனைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டால் யார் கேட்டாலும் பரவாயில்லை. உங்களுக்குள் ஏதாவது ஒரு சொல்லை முடிவுசெய்து வையுங்கள்.

எப்போது அனுப்புவது

ஜோக் போய்ச் சேரும் நேரம் முக்கியம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12.30 முதல் 3 மணி வரை ஓய்வு. அது ஊரில் பிற்பகல் 2 முதல் 4.30 வரை. என் மனைவிக்கு அது பாத்திரம் கழுவி முடித்துக் காலை நீட்டும் நேரம். இருவரும் ஒரே சமயத்தில் சும்மா இருந்தது அந்த நேரத்தில்தான். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கோடை பிடித்தது. நீங்கள் ஒரு தாளில் இருவர் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இருவருக்கும் கை ஓய்ந்திருக்கிற அரைமணி நேரம் எங்காவது இருக்கும்.

காலையில் எழுந்தவுடன் ஒரு ஜோக்கும், படுக்கப் போகும்முன் ஒரு ஜோக்கும் என்று கடமையாக வைத்துக்கொள்ளாதீர்கள். படுக்கும் நேரத்தில் எப்போதும் கனமான பேச்சுதான் வரும். அங்கே ஜோக்கைத் திணித்தால் இரண்டும் கெடும்.

தொடர் எப்படி வளரும்

ஒரு முறை சொன்ன ஜோக் ஒரு நாள் சிரிப்போடு முடிந்துபோகும். அதை மறுபடி எடுத்தால்தான் அது உறவுக்கு உதவும். சேவலுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் 'ரிட்டர்ன் சேவல்'. இரண்டாம் வாரம் சேவல் ஒருநாள் கூவவே இல்லை. நான் சொன்னேன், "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, லீவு." உண்மையிலேயே அன்று வெள்ளி. மூன்றாம் வாரம் அது இரவு ஒன்பதுக்குக் கூவியது. "ஓவர்டைம். காசு குடுத்தாங்களான்னு கேளு." இந்த இடத்தில் ஜோக் எங்களை அறியாமலே வேறு ஒன்றாகிவிட்டது. அந்த மாதம் என் ஓவர்டைம் பணம் நிலுவையில் இருந்தது. அதை அவளிடம் நேராகச் சொல்ல எனக்குக் கூச்சம். சேவல் வழியாகச் சொன்னேன். அவள் புரிந்துகொண்டு அன்று இரவு, "உங்களுக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அந்த மாதச் செலவை இருவரும் உட்கார்ந்து குறைத்தோம்.

அடுத்து, சேவல் ஒரு சொல்லாகவே சுருங்கியது. "சேவல் கூவிருச்சா?" என்றால், 'மனசு சரியா இருக்கா' என்று பொருள். "இன்னும் கூவலை" என்றால், இன்று சரியில்லை, அதிகம் கேட்காதே, ஆனால் பக்கத்தில் இரு. இப்படித் தம்பதிகளுக்குள் மட்டும் புழங்கும் சொற்களை ராபர்ட் ஹாப்பர், மார்க் நாப், லாரல் ஸ்காட் என்ற ஆய்வாளர்கள் 1981-லேயே திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். செல்லப்பெயர், கிண்டல், மற்றவர் முன்னால் பேச முடியாததைப் பேசும் மறைச்சொல் என்று பல வகையாக அவை இருக்கின்றன. எங்கள் சேவல் மூன்று வேலையையும் செய்தது. அம்மா பக்கத்தில் இருக்கும்போதும் அவள் சேவலைப் பற்றிப் பேசலாம், யாருக்கும் சந்தேகம் வராது.

ஏழாம் மாதம் ஆடித் திருவிழா. அன்று மதியம் ஒரு பதிவு வந்தது. "காதுல. சேவலுக்கு விசா கேன்சல். மணமா இருக்கு." நான் கம்பெனி பஸ்ஸில் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

சேவல் போய்விட்டது, சொல் போகவில்லை. இன்று இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இன்றும் அவள் முகம் வாடியிருந்தால், "கூவிருச்சா?" என்றுதான் கேட்கிறேன். சேர்ந்து சிரித்த பழைய சம்பவத்தை நினைவுகூரச் சொன்ன தம்பதிகள், வேறு இனிய சம்பவங்களை நினைவுகூர்ந்தவர்களைவிடத் தங்கள் உறவில் கூடுதல் நிறைவு இருப்பதாகச் சொன்னார்கள் என்று டோரிஸ் பஸ்ஸினி குழுவின் 2007 ஆய்வு ஒன்று சொல்கிறது. பழைய ஜோக்கைத் திரும்ப எடுப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் தினமும் எடுக்காதீர்கள். இருவரில் ஒருவர் விளக்கம் சொல்ல வேண்டி வந்தாலோ, பதில் வெறும் பொம்மையாகிவிட்டாலோ மூன்று நான்கு வாரம் அதைத் தொடாமல் விடுங்கள். பிறகு எதிர்பாராத ஒரு நாளில் எடுத்தால் மறுபடி உயிர் வரும்.

எங்கே கெடும்

மூன்று இடத்தில் கெடும்.

முதலாவது, ஆளையே ஜோக் ஆக்குவது. எடை, நிறம், சமையல், அவர் வீட்டார், சம்பளம் இவற்றைத் தூரத்திலிருந்து தொடாதீர்கள். நேரில் இருந்தால் சொன்ன கையோடு தோளில் தட்டிச் சமாளித்துவிடலாம். தூரத்தில் அந்தத் தட்டல் இல்லை. சொன்னது மட்டும் போனில் பதிவாகிக் கிடக்கும், நள்ளிரவில் மறுபடி கேட்பார்கள். சேவலையோ முருங்கைக்காயையோ உங்களையோ கிண்டல் செய்யுங்கள். உங்களைச் செய்வதிலும் அளவு வேண்டும். 'நான் இங்க அநாதைதானே' என்பது ஜோக் போலத் தொடங்கும், எதிராளிக்குக் குற்ற உணர்வைத்தான் கொடுக்கும்.

இரண்டாவது, ஒருவர் மட்டுமே சொல்வது. பதினைந்து நாள் பதிவுகளை மேலே தள்ளிப் பாருங்கள். எல்லாம் உங்கள் பக்கத்திலிருந்தே போயிருந்தால் நீங்கள் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் சும்மா இருங்கள். பிறகு, "அங்க இன்னிக்கு யாரு சிரிக்க வச்சா?" என்று கேளுங்கள். வந்தது சுமாராக இருந்தாலும் அதில் ஒரு நுனியைப் பிடித்து நீங்கள் நீட்டுங்கள். சொன்னதை எதிராளி எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தால்தான் அடுத்ததைச் சொல்ல வாய் வரும்.

மூன்றாவதுதான் மோசம்: கேள்விக்குப் பதிலாக ஜோக். மூன்றாம் வருடம் என் விடுமுறை தள்ளிப்போனது. "எப்போ வர்றீங்க?" என்று கேட்டாள். "புதுச் சேவல் ஒண்ணு வாங்கச் சொல்லு, அது கூவுறப்ப வர்றேன்" என்றேன். சிரித்தாள். நான்கு நாள் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் சேவலைக் கொண்டுவந்தேன். அந்த முறை அவள் சிரிக்கவில்லை. "சேவல்கிட்ட நான் கேக்கல. உங்ககிட்ட கேக்குறேன்" என்றாள்.

அன்று இரவு நேராகச் சொன்னேன். ஃபோர்மேன் மாற்று ஆள் கிடைக்கும்வரை விடமாட்டேன் என்கிறார், அக்டோபருக்குள் நிச்சயம் இல்லை, டிசம்பரில் கேட்டிருக்கிறேன். அழுதாள். ஆனால் தேதி ஒன்று கைக்கு வந்தது. அதற்கு அடுத்த வாரம் அவளே சேவலை எடுத்தாள்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஜோக் சொல்லி முடித்த பிறகு எதிராளியின் கேள்வி அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். பணம், உடம்பு, ஊர் திரும்பும் தேதி, பிள்ளையின் படிப்பு ஆகிய நான்கிலும் கேள்வி வந்தால் பதில் முதலில், சிரிப்பு பிறகு. ஒரே கேள்வி இரண்டாம் முறை வந்தால் அன்று ஜோக்கே வேண்டாம். அதுபோல் ஒருவர் பல நாளாக ஒன்றுக்கும் சிரிக்காமல், சாப்பாடு தூக்கம் குறைந்து இருந்தால், இன்னும் நல்ல ஜோக் தேடாதீர்கள். என்ன நடக்கிறது என்று கேளுங்கள், பக்கத்தில் இருக்கும் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கண்ணில் பட்டதைக் குறித்து மட்டும் வையுங்கள், அனுப்ப வேண்டாம். புதனன்று அவற்றில் ஒன்றை எடுத்து, உங்கள் இருவர் ஓய்வும் சேரும் நேரத்தில், நாற்பது விநாடிக்குள் குரலில் சொல்லுங்கள். "ஏன்னு நீயே சொல்லு" என்று நிறுத்துங்கள். பதில் வந்தால் அதில் ஒரு சொல்லைப் பிடித்து வியாழனன்று மறுபடி எடுங்கள். வராவிட்டால் அந்த ஜோக்கை விட்டுவிட்டு வேறு ஒன்றோடு வாருங்கள். ஏன் பதில் போடவில்லை என்று கேட்காதீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் அதற்குப் பிறகு மூன்று சேவல் வாங்கிவிட்டார்கள். எல்லாம் ஐந்தரைக்கே கூவுகின்றன. ஒன்றாலும் எங்களுக்கு உபயோகம் இல்லை. ஏழு மணிக்குக் கூவுகிற ஒன்று உங்கள் தெருவிலும் இருக்கும், பார்த்து வையுங்கள்.